ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு: காலாண்டின் முதல் நாளும் கடைசி நாளும்

கேள்வி: எக்செல் கோப்பில் ஒவ்வொரு பற்றுச்சீட்டுக்கும் தேதி மட்டும் இருக்கிறது. எங்கள் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. ஒவ்வொரு தேதியும் விழும் காலாண்டின் முதல் நாளையும் கடைசி நாளையும் பக்கத்துக் கட்டங்களில் தானாக வரவைப்பது எப்படி? ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள தேதிகளுக்கு ஆண்டு ஒன்று கூடியோ குறைந்தோ வந்துவிடுகிறது.

பதில்: ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி ஆகிய நான்கு மாதங்களே உங்கள் காலாண்டுகளின் தொடக்கம், சாதாரண நாட்காட்டி ஆண்டின் காலாண்டுகளும் இதே மாதங்களில்தான் தொடங்குகின்றன. ஆகவே முதல் நாளையும் கடைசி நாளையும் கண்டுபிடிக்க நிதியாண்டைப் பற்றிய கணக்கே தேவையில்லை. காலாண்டின் எண்ணும் நிதியாண்டின் பெயரும் மட்டுமே மாறுகின்றன. இவ்விரண்டையும் ஒரே சூத்திரத்துக்குள் கலந்து, தேதியிலிருந்தே ஆண்டைக் கழிப்பதால்தான் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள தேதிகளில் நீங்கள் சொல்லும் பிழை வருகிறது.

தேதி A2 கட்டத்தில் இருப்பதாகக் கொண்டு, B2-இல் முதல் நாளையும் C2-இல் கடைசி நாளையும் இவ்வாறு எழுதலாம்:

```
B2: =DATE(YEAR(A2),3*INT((MONTH(A2)-1)/3)+1,1)
C2: =EOMONTH(B2,2)
```

A2-இல் 14-02-2025 இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2, அதில் ஒன்றைக் கழித்து மூன்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுத்தால் 0, அதை மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 1, அதாவது ஜனவரி. B2-இல் 01-01-2025 வரும். அந்த மாதத்திலிருந்து இரண்டு மாதம் தள்ளி, அந்த மாதத்தின் கடைசி நாளை EOMONTH தருவதால் C2-இல் 31-03-2025 வரும். C2-இல் தேதிக்குப் பதிலாக 45747 என்று தெரிந்தால் பதற வேண்டாம். அது அதே தேதியை எக்செல் உள்ளே வைத்திருக்கும் எண்தான், கட்டத்தின் வடிவத்தைத் தேதியாக மாற்றினால் போதும். தொடக்கத் தேதியோடு 90 நாளைக் கூட்டும் குறுக்குவழியை மட்டும் தயவுசெய்து கையாளாதீர்கள். ஏப்ரல் 1-உடன் கூட்டினால் ஜூன் 30 என்று சரியாக வந்து நம்பிக்கை ஊட்டும். ஜூலை 1-உடன் கூட்டினால் செப்டம்பர் 29-இல் நின்றுவிடும்.

இனி காலாண்டின் எண்ணும் நிதியாண்டு தொடங்கும் ஆண்டும்:

```
D2: =INT(MOD(MONTH(A2)+8,12)/3)+1
E2: =YEAR(A2)-(MONTH(A2)<4)
```

அதே பிப்ரவரி தேதிக்கு 2 + 8 = 10; பன்னிரண்டால் வகுத்த மீதியும் 10; அதை மூன்றால் வகுத்தால் முழு எண் 3; ஒன்றைக் கூட்டினால் நான்காம் காலாண்டு. மாதம் நான்குக்குக் குறைவாக இருப்பதால் E2-இல் ஓராண்டு கழிந்து 2024 வரும். ஆக, அந்தப் பற்றுச்சீட்டு 2024-25 நிதியாண்டின் நான்காம் காலாண்டுக்கு உரியது. மாதத்திலிருந்து 4-ஐக் கழித்தாலும் எக்செல்லில் இதே விடை வரும். ஆனால் குறை எண்ணின் மீதியைக் குறை எண்ணாகவே தரும் நிரல்மொழிகள் பல உண்டு. அங்கே அந்தக் கணக்கு தவறிவிடும் என்பதால், எங்கும் பொருந்தும் +8-ஐயே நான் எழுதுகிறேன்.

தேதிகள் சரியாக வந்த பிறகும் கூட்டுத்தொகை பிழைபடக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் தயாரித்த ஓர் அறிக்கையில் நான்காம் காலாண்டின் தொகை பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை. வரிவரியாகத் தேடியபோது, விடுபட்டவை அனைத்தும் மார்ச் 31 அன்று பதிவானவை என்று தெரிந்தது. மென்பொருளிலிருந்து இறக்கிய தேதிகளோடு நேரமும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. 31-03-2025 மாலை 4.40 என்பது எக்செல்லுக்கு ஏறத்தாழ 45747.69, அது 45747-ஐ விடப் பெரியது என்பதால், கடைசி நாளுக்குச் சமமோ குறைவோ என்ற நிபந்தனை அதைத் தள்ளிவிடுகிறது. ஆகையால் எல்லையை எப்போதும் மறுநாளுக்குக் குறைவு என்று வையுங்கள். தொகைகள் F பத்தியில் இருந்தால், அந்தக் காலாண்டின் கூட்டுத்தொகை இது:

```
=SUMIFS(F:F,A:A,">="&B2,A:A,"<"&C2+1)
```

இதற்கும் முன்பாக, A பத்தியில் இருப்பவை உண்மையான தேதிகள்தானா என்று `=ISNUMBER(A2)` கொண்டு சோதித்துவிடுங்கள். FALSE என்று வந்தால் அது தேதி போலத் தோன்றும் வெறும் எழுத்து. TRUE என்று வந்தாலும், நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டிருந்தால் 05-02-2025 மே 2 ஆகி, முந்தைய நிதியாண்டின் நான்காம் காலாண்டுக்குரிய தொகை புதிய ஆண்டின் முதல் காலாண்டில் போய் உட்காரும். இதைச் சூத்திரம் காட்டிக்கொடுக்காது; கட்டத்தின் வடிவத்தை மாதப் பெயர் தெரியும்படி மாற்றி, சில வரிகளை மூலப் பற்றுச்சீட்டோடு கண்ணால் ஒப்பிட்டுத்தான் உறுதிசெய்ய வேண்டும்.