வெளிநாட்டில் கையெழுத்து, தஞ்சாவூரில் பத்திரம்: பவர் குறித்த கேள்வி பதில்

அபுதாபியிலிருந்து: அம்மா, தஞ்சாவூர் பக்கம் என் பெயரில் 2,400 சதுர அடி மனை இருக்கிறது. வாங்க ஆள் வந்துவிட்டார், என்னால் வர முடியவில்லை. தங்கைக்குப் பவர் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஊரில் பத்திரம் எழுதுபவர், பொதுப் பவராகவே எழுதினால் பின்னால் எல்லாவற்றுக்கும் உதவும் என்கிறார்.

அந்த யோசனையை விட்டுவிடுங்கள். முப்பது ஆண்டுகளாகப் பத்திரங்களைப் படித்து வருகிறேன். சண்டையில் முடிந்தவை பெரும்பாலும் "எல்லாவற்றுக்கும் உதவும்" என்று எழுதப்பட்டவைதான். நீங்கள் விற்பது ஒரே மனை. அந்த மனைக்கு மட்டும் சிறப்பு அதிகாரப் பத்திரம் எழுதுங்கள். நீங்கள் வாங்கிய கிரயப் பத்திரத்தின் எண், ஆண்டு, சர்வே எண், பரப்பு, நான்கு எல்லைகள் ஆகியவற்றை அந்தப் பத்திரத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். ஓர் எண் மாறினாலும் சார்பதிவாளர் திருப்பி அனுப்புவார். அதைத் திருத்த உங்கள் கையெழுத்து மறுபடியும் அபுதாபியிலிருந்து வந்தாக வேண்டும்.

தங்கை செய்யவேண்டிய ஒவ்வொரு காரியமும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். விலை பேசுதல், ஒப்பந்தத்தில் கையெழுத்திடுதல், முன்பணம் பெறுதல், கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுதல், சார்பதிவாளர் முன் ஆஜராகி எழுதிக்கொடுத்ததை ஒப்புக்கொள்ளுதல், சுவாதீனம் ஒப்படைத்தல் என்று வரிசையாக வரட்டும். பவரில் எழுதாத அதிகாரம் இல்லாத அதிகாரம் என்றே நீதிமன்றங்கள் பார்க்கின்றன. பராமரிக்கக் கொடுத்த பவரை வைத்து விற்க முடியாது. விற்கக் கொடுத்த பவரை வைத்துத் தானம் கொடுக்கவும் முடியாது. இதற்குக் கீழே விற்கக்கூடாது என்ற குறைந்தபட்ச விலையையும், பணம், வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் கிடைக்கும் பணத்தைப் போடும் உங்கள் என்.ஆர்.ஓ. கணக்குக்கு நேராக வரவேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். தங்கை மீதுள்ள சந்தேகத்தால் இதைச் சொல்லவில்லை. நாளைக்கு மைத்துனரோ வேறு உறவினரோ அவரை நெருக்கினால், "பத்திரத்தில் இப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ள அவருக்கு ஓர் இடம் வேண்டும்.

இன்னொன்று. தங்கை உள்ளூர்க்காரர் என்பதால் வரிப்பிடித்தம் குறையாது. விற்பவர் நீங்கள், வெளிநாட்டில் வசிப்பவர். உள்ளூரில் வசிப்பவர் விற்றால் 50 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும்போது ஒரு சதவீதம் பிடிப்பார்களே, அந்தக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. தொகை சிறியதானாலும் வாங்குபவர் கூடுதல் விகிதத்தில் பிடித்தாக வேண்டும். பலர் லாபத்தைக் கணக்கிடாமல் முழு விலையின் மீதே பிடித்துவிடுகிறார்கள். குறைந்த பிடித்தத்துக்கான சான்றை வருமான வரித் துறையிடம் கிரயத்துக்கு முன்பே வாங்கிவிட வேண்டும். அது கைக்கு வர வாரங்கள் ஆகும். அதனால் பத்திரப்பதிவு நாளை முதலில் குறித்துவிடாதீர்கள்.

சிங்கப்பூரிலிருந்து: பவர் எழுத அபுதாபியில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்துக்குப் போகவேண்டும் என்கிறார்களே, அவர் ஏன் அப்படி அலைய வேண்டும்? இங்கே நோட்டரி முன் கையெழுத்திட்டு, உடன்படிக்கையில் உள்ள மற்ற நாடுகளும் ஏற்கும் அப்போஸ்டில் என்ற சான்றை வாங்கினேன், ஒரே நாளில் முடிந்தது. எல்லா நாட்டிலும் இதுதானே வழி?

உங்களுக்கு அது சரி. சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது, இந்தியா அதற்கும் முன்பே சேர்ந்துவிட்டது. அபுதாபியில் இருப்பவருக்கு அந்த வழி கிடையாது, ஐக்கிய அரபு அமீரகம் அந்த உடன்படிக்கையில் இல்லை. அவர் இந்தியத் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். பத்திரத்தை எழுதி எடுத்துச் செல்லலாம், ஆனால் கையெழுத்தை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போகக் கூடாது. அதிகாரியின் முன்னால்தான் போட வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் திரும்பி வருகிறவர்களில் பலர் இதனால்தான் திரும்புகிறார்கள். சாட்சிகளை நேரில் கேட்கிறார்களா என்று முன்பதிவின்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 33ஆம் பிரிவில் நோட்டரி, நீதிமன்றம், இந்தியத் தூதரக அதிகாரி எல்லாரையும் ஒரே வரிசையில் சொல்கிறது. வெளிநாட்டு நோட்டரி அதில் அடங்குவாரா என்பதில் எல்லாத் தீர்ப்புகளும் ஒரே பக்கம் நிற்கவில்லை. நடைமுறையில் அப்போஸ்டிலோடு வந்ததைப் பல சார்பதிவாளர்கள் ஏற்கிறார்கள், சிலர் தயங்குகிறார்கள். சிங்கப்பூரில் இருந்தாலும், விற்பனைக்கான பவர் என்றால் அனுப்புவதற்கு முன் ஊரில் பவர் பெறுபவர் சொத்து இருக்கும் எல்லையின் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் நேரில் கேட்டுவிடுவது நல்லது.

தோஹாவிலிருந்து: கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் முத்திரை வைக்காவிட்டால் பத்திரம் செல்லாது என்கிறார்கள். நான் கையெழுத்திட்டு இரண்டரை மாதமாகிவிட்டது, இப்போதுதான் கூரியர் ஊருக்குப் போயிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள். மூன்று மாதம் என்பது சரி, எண்ணத் தொடங்கும் நாள்தான் தவறு. பத்திரம் இந்தியாவுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு ஓடும். 1899ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டம் 18ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. அதனால் கூரியர் உறையையும் ரசீதையும் தூக்கி எறியாதீர்கள். வந்து சேர்ந்த நாளுக்கு அதுதான் சாட்சி. ஊரில் பெறுபவர் அதை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து முத்திரைத் தீர்வை கட்டினால், தீர்வை செலுத்தப்பட்டது என்று எழுதிக் கொடுப்பார்கள். அதன் பிறகே கிரயப் பத்திரத்தோடு சார்பதிவாளரிடம் போக வேண்டும்.

என் குடும்பத்திலேயே இதைத் தவறவிட்டோம். பினாங்கிலிருந்து சித்தப்பா அனுப்பிய பவரை, நல்ல நாள் பார்த்து வெளியே எடுக்கலாம் என்று சித்தி பூஜையறையில் வைத்துவிட்டார். எடுத்தபோது ஐந்தாவது மாதம். கெடு கடந்த பத்திரத்துக்கு அபராதத்தோடு தீர்வை கட்டும் வழியும் உண்டு, ஆனால் அதில் அலைவதைவிடச் சித்தப்பா மறுபடியும் எழுதி அனுப்பியதே விரைவாக முடிந்தது. அதற்குள் வாங்க வந்தவர் வேறு மனை பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

லண்டனிலிருந்து: வங்கி வேலைகளையும் சேர்த்து அப்பாவுக்குப் பதிவு செய்த பவர் கொடுத்திருக்கிறேன். அதைக் காட்டியும், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தைப் போட்டுவைத்திருக்கும் என் என்.ஆர்.இ. கணக்கிலிருந்து தம்பிக்குத் திருமணச் செலவுக்குப் பணம் மாற்ற வங்கி மறுக்கிறது. பதிவான பத்திரத்தை மதிக்காதது குற்றமில்லையா?

இல்லை, வங்கி செய்தது சரி. உங்கள் பவர் எவ்வளவு விரிவாக இருந்தாலும் ரிசர்வ் வங்கியின் விதியைத் தாண்டாது. என்.ஆர்.இ. கணக்கில் பவர் பெற்றவர் இங்குள்ள செலவுகளுக்கு ரூபாயில் பணம் எடுக்கலாம், உங்களுக்கே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம். உங்கள் சார்பில் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுக்கவோ, இன்னொரு என்.ஆர்.இ. கணக்குக்கு மாற்றவோ, உங்கள் பெயரில் புதுக் கணக்கு திறக்கவோ அவருக்கு அனுமதி கிடையாது. தம்பிக்கான தொகையை நீங்களே இணைய வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள், அதற்குப் பவரே தேவையில்லை.

அப்பாவுக்கு வழக்கமான காரியங்களுக்கு அதிகாரம் வேண்டுமென்றால் வங்கியின் சொந்தப் படிவத்தில் ஒரு அதிகாரக் கடிதம் கொடுங்கள். கிளையில் இருப்பவர்களுக்குப் பழக்கமான தாள் அதுதான்.

மெல்பர்னிலிருந்து: நீங்கள் பேசுவது நாங்கள் ஊருக்குக் கொடுக்கும் பவர். எனக்கு நேர்மாறானது வேண்டும். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மறதி அதிகமாகிவிட்டது, சில நாட்களில் என்னையே அடையாளம் தெரிவதில்லை. அவர் பெயரில் உள்ள வீட்டைக் கவனிக்க அவரிடமிருந்து நான் பவர் வாங்க வேண்டும். அடுத்த மாதம் வருகிறேன், என்னென்ன கொண்டுவர வேண்டும்?

உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லியாக வேண்டும்: அம்மாவால் என்ன எழுதிக் கொடுக்கிறோம் என்று புரிந்துகொள்ள முடியாவிட்டால், அவர் வைக்கும் கைநாட்டு உங்களுக்கு எந்த அதிகாரமும் தராது. தெளிவாக இருந்தபோது பவர் கொடுத்திருந்தாலும், புத்தி சுவாதீனம் போனால் அதுவும் அதோடு முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவில் இருப்பதுபோல நினைவிழந்த பிறகும் தொடரும் பவர் நம் சட்டத்தில் இல்லை.

முதலில் ஒரு மனநல மருத்துவரிடம் பரிசோதனை செய்து எழுத்தில் வாங்குங்கள். தெளிவான நாட்கள் இருக்கின்றன, விவரம் புரிந்து பதில் சொல்கிறார் என்று அவர் எழுதினால், அந்த நிலையில் சார்பதிவாளரை வீட்டுக்கே அழைத்துப் பதிவு செய்ய முடியும். இல்லையென்றால் நீதிமன்றத்தில் காப்பாளராக நியமிக்கக் கோர வேண்டும். எந்த நீதிமன்றம், எந்தச் சட்டத்தின் கீழ் என்பது அம்மாவின் நிலைமையைப் பொறுத்து மாறும். அந்தப் பகுதியில் பழகிய வழக்கறிஞரிடம் மருத்துவ அறிக்கையோடு போங்கள். கூடப்பிறந்தவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். இப்படிப்பட்ட மனுக்களில் அவர்கள் எதிர்த்து நின்றால்தான் ஆண்டுகள் போகும்.

தோஹா நண்பர் மறுபடியும்: ஒருவர் இறந்த பிறகும் பவரை வைத்து விற்றதாகக் கேள்விப்பட்டேன். அது செல்லுமா?

பவர் கொடுத்தவர் இறந்தவுடன் பவரும் முடிந்துவிடும். சொத்து வாரிசுகளுடையது. இறந்ததை அறிந்துகொண்டே முகவர் விற்றால் அது மோசடி. அறியாமல் விற்றிருந்தால், வாங்கியவரும் அறியாதவராக இருந்தால், முடிந்தது தெரியவரும் வரை தெரியாதவரைப் பொறுத்து பவர் முடிந்ததாகாது என்ற ஒப்பந்தச் சட்டத்தின் 208ஆம் பிரிவு குறுக்கே வரும். அப்போது அது நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம். இதற்காகத்தான் பதிவின்போது பவர் கொடுத்தவர் உயிருடன் இருக்கிறார் என்பதற்கு அண்மையில் பெற்ற சான்றைக் கேட்கிறார்கள். அபுதாபித் தம்பி, அந்தச் சான்றையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். கிரயத்துக்கு நெருக்கமான நாளில் வாங்குங்கள், ரொம்ப முன்னால் வாங்கினால் பழையதாகிவிடும்.

பெயர் சொல்ல விரும்பாத வாசகி: அண்ணனுக்குக் கொடுத்த பவரை வாட்ஸ்அப்பில் ரத்து செய்வதாகச் சொல்லிவிட்டேன். அவரும் சரி என்றார். போதுமா?

போதாது, அம்மா. அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது, அதனால் அவரைப் பொறுத்தவரை முடிந்தது. ஆனால் விவரம் தெரியாமல் அவரிடம் வாங்க வருகிறவர் உங்கள் வாட்ஸ்அப்பைப் பார்க்கப் போவதில்லை. மூன்றாம் நபருக்கு ரத்து தெரியவரும் வரை அவரைப் பொறுத்து அது ரத்தாகவில்லை. நீங்கள் இருக்கும் நாட்டில் பவரை எழுதிய அதே முறையில் ரத்துப் பத்திரம் எழுதி, அத்தாட்சி பெற்று அனுப்புங்கள். அசல் பவர் எந்த அலுவலகத்தில் கொடுக்கப்பட்டதோ அங்கேயும், சொத்து எந்தச் சார்பதிவாளர் எல்லையில் இருக்கிறதோ அங்கேயும் அது போய்ச் சேர வேண்டும். அண்ணனுக்கு ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் ஒரு நகல் அனுப்புங்கள். அசல் பவரையும் தாய்ப்பத்திரத்தையும் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். கடைசியாக வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். இடையில் ஏதாவது ஒப்பந்தம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும். பதிவாகாத ஒப்பந்தம் அதில் வராது, அதை அண்ணனிடம் நேராகத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.