80-ம் 60-ம் ஒரே அடைப்புதான்

கேள்வி: அப்பாவுக்கு ஆஞ்சியோகிராம் எடுத்தோம். ஒரு மருத்துவர் 80% அடைப்பு என்கிறார். அதே சிடியைப் பார்த்த இன்னொருவர் 60% என்கிறார். யாரை நம்புவது?

பாளையங்கோட்டையில் ஆஞ்சியோகிராம் எடுக்கும் கேத் லேபில் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். மருத்துவன் அல்லன், இதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் உங்கள் இரண்டு மருத்துவர்களில் எவரையும் பொய்யர் என்று சொல்ல மாட்டேன்.

பெரும்பாலும் அந்த எண் கண்மதிப்புதான். சுருங்கிய இடத்தையும் அதையொட்டிய நல்ல இடத்தையும் ஒப்பிட்டு, குறுக்களவு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று திரையைப் பார்த்துச் சொல்கிறார்கள். கண் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்லும்.

அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அண்ணனுக்கு முன்பக்க ரத்தக்குழாயில் 80% என்றார்கள். அவர் மேசையில் படுத்திருக்கும்போதே வெளியே வந்து, ஸ்டென்ட் வைக்கக் கையெழுத்துக் கேட்டார்கள். அந்த நிமிடத்தில் அண்ணி நடுங்கிக்கொண்டு நின்றதை நான் மறக்கவில்லை. குடும்பத்துக்குப் புரியும்படி தமிழில் ஒரு வரிகூட எழுதிக் கொடுக்காமல் இப்படிக் கையெழுத்து வாங்குவது எந்த ஊர் நியாயம்?

நெஞ்சுவலி வந்து அவசரமாகச் சேர்த்தவர் அல்லர் என்பதால், கையெழுத்தை நிறுத்தி, சிடியை வாங்கி, எனக்குத் தெரிந்த மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் கணினியில் அளந்தார். படத்தில் தெரியும், சாயம் செலுத்தும் கதீட்டர் குழாய் 6 பிரெஞ்சு, அதாவது 2 மி.மீ. அதை அளவுகோலாக வைத்தால் நல்ல இடம் 3 மி.மீ., சுருங்கிய இடம் 1.1 மி.மீ. குறைவு 63%. அதையே பரப்பளவாகக் கணக்கிட்டால் 87% வரும்! ஒரே அடைப்புக்கு மூன்று எண்கள். ஆகவே, எண்ணைக் கேட்டால் அது குறுக்களவா பரப்பளவா என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

கோணமும் ஏமாற்றும். மிதிபட்ட ரப்பர் குழாயைப் பக்கவாட்டில் பார்த்தால் ஒல்லி, மேலிருந்து பார்த்தால் அகலம். அதனால்தான் ஒன்றுக்கொன்று செங்குத்தான குறைந்தது இரண்டு கோணங்களில் பார்க்க வேண்டும். குழாய் முழுவதுமே படிவு பிடித்து இளைத்திருந்தால் 'நல்ல இடம்' என்று ஒப்பிட்ட இடமே நல்லதாக இருக்காது. அப்போது அடைப்பு குறைவாகத் தெரியும்.

60, 70 போன்ற இடைப்பட்ட எண்ணில் படம் மட்டும் போதாது. மெல்லிய கம்பியை அடைப்பைத் தாண்டிச் செலுத்தி, அப்பாலுள்ள ரத்த அழுத்தம் அடைப்புக்கு முன்னுள்ள அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று பார்க்கிறார்கள். எஃப்எஃப்ஆர் என்பார்கள். 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு ரத்த ஓட்டத்தைத் தடுக்கிறது என்று பொருள். அண்ணனுக்கு 0.84. ஸ்டென்ட் வைக்கவில்லை, மாத்திரையில்தான் இருக்கிறார்.

'ஸ்டென்டுக்கு எதிராகப் பேசுகிறான்' என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். மாரடைப்பு நேரத்தில் இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இடது பிரதானக் குழாயில் 50% என்றாலே பெரிய விஷயம். உங்கள் அப்பாவின் அடைப்பு எந்தக் குழாயில் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் கேட்டு, எஃப்எஃப்ஆர் பார்த்தார்களா என்பதையும் கேளுங்கள்.