கண்ணாடி ஜாடிக்கு மட்டும் ஏன் கூடுதல் கட்டணம்?

"தம்பி, எவர்சில்வர் தம்ளர் படங்களை மறுநாளே பின்னணி நீக்கிக் கொடுத்தீர்கள். கண்ணாடி ஜாடிக்கு மட்டும் ஏன் கூடுதல் நாளும் காசும்?"

அண்ணே, தம்ளரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டினால் முக்கால்வாசி வேலை முடிந்தது. ஜாடியில் அந்தக் கோடு வெறும் ஆரம்பம்தான். அதன் வயிற்றுக்குள் தெரிவதே என் ஸ்டுடியோவின் வெள்ளைத் திரை. அப்படியே வெட்டி உங்கள் தீபாவளி விளம்பரத்தின் அரக்குச் சிவப்பில் வைத்தால், ஜாடிக்குள் பால் ஊற்றியதுபோல் வெளுத்து நிற்கும். சிராங்கூன் ரோட்டில் போகிறவர்கூட ஒட்டுவேலை என்று சொல்லிவிடுவார்.

அதனால் ஜாடியை அசைக்காமல் இரண்டு படம் எடுக்கிறேன். முதலில் வெள்ளைத் திரைக்குப் பின்னிருந்து ஒளி. இரு பக்கமும் கறுப்பு அட்டை. அந்தக் கறுப்பு கண்ணாடியில் வளைந்து ஓரக்கோடாக விழும். அடுத்தது கறுப்புப் பின்னணியில், பளபளப்புக்காக மட்டும். அப்புறம் கணினியில் முதல் படத்தை Multiply முறையிலும் இரண்டாவதை Screen முறையிலும் சிவப்பின்மேல் அடுக்கினால், வெள்ளையும் கறுப்பும் மறைந்து சிவப்பு உள்ளே தெரியும். தடித்த அடிப்பாகம் மட்டும் இதற்கு மசியாது. அதைக் கையால்தான் திருத்த வேண்டும். ஒரு தூசி, ஒரு கைரேகை இருந்தாலும் பளிச்சென்று தெரியும், அதையும் துடைத்தெடுக்கணும்.

வெள்ளைப் பின்னணியே போதும் என்றால் சொல்லுங்கள், இந்தக் கூடுதல் கட்டணம் வேண்டாம். சிவப்புதான் என்றால், படமெடுக்கும் முன்பே விளம்பரத்தின் நிறத்தை அனுப்பிவிடுங்கள்.