மிக்ஸி நின்ற பிறகு நான்கு வினாடி

கேள்வி: ஒன்றரை நிமிட திகில் வீடியோ ஒன்று எடுத்திருக்கிறேன். ராத்திரி சமையலறையில் ஒரு பெண் தனியாக இருக்கிறாள், சட்னி அரைக்கும்போது கரண்ட் போகிறது, பின்னால் யாரோ நிற்கிற மாதிரி ஒரு உணர்வு. ஆரம்பம் முதல் கடைசி வரை அடியில் ஒரு ட்ரோன், அதாவது விடாமல் ஒலிக்கும் ஒரே சத்தம், போட்டேன். பயமுறுத்தும் இடத்துக்கு முன்னால் மூன்று வினாடி சத்தமே இல்லாமல் விட்டு ‘டம்’ என்று அடித்தேன். ஹெட்போனில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் பார்த்த நண்பர்கள் ட்ரோனே கேட்கவில்லை என்கிறார்கள், அமைதியான இடத்தில் வீடியோ ஸ்டக் ஆகிவிட்டதா என்கிறார்கள், டம் வந்ததும் சிரிக்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: உங்கள் நண்பர்கள் சொன்ன மூன்றும் சரிதான், ஒவ்வொன்றுக்கும் தனிக் காரணம் இருக்கிறது. முதலில் ட்ரோன்.

நீங்கள் போட்டது அநேகமாக 50, 60 ஹெர்ட்ஸில் இருக்கும் ஆழமான சத்தம். போன் ஸ்பீக்கரின் அளவுக்கு அதை வெளியே தள்ளவே முடியாது. பல போன்களில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக எதுவும் வராது. அதற்காக ட்ரோனின் ஸ்ருதியை ஏற்றிவிட வேண்டாம், அதன் கனம் போய்விடும். கிளைஸ்வரங்கள் நிறைந்த சத்தமாகப் போட்டால் போதும். 100 ஹெர்ட்ஸ் சத்தம் ஒன்றில் 200, 300, 400 என்று மேலடுக்குகளும் இருந்தால், போன் 100-ஐ விழுங்கினாலும் மீதியைக் கேட்டே நம் காது அடியில் இருக்கும் 100-ஐ ஊகித்துக்கொள்ளும். சுத்தமான சைன் அலையில் இந்த மேலடுக்குகள் கிடையாது, அதனால்தான் போனில் அப்படியே காணாமல் போகிறது.

100 என்று சும்மா சொல்லவில்லை. நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஃபிரிட்ஜின் உறுமலில் அதன் இரட்டிப்பான 100 தூக்கலாக இருக்கும். உங்கள் கதை நடப்பது சமையலறையில். அதாவது ட்ரோன் ஒளிந்துகொள்ள இடம் ஏற்கெனவே அங்கே நின்றுகொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் சத்தத்துக்குள்ளிருந்தே ட்ரோன் முளைத்தால் அது எப்போது ஆரம்பித்தது என்று பார்ப்பவருக்குத் தெரியவே தெரியாது, ‘பின்னணி இசை வந்துவிட்டது, இனி பயப்பட வேண்டும்’ என்ற அறிவிப்பும் இருக்காது.

செய்வது சுலபம். Audacity என்ற ஆடியோ எடிட்டரில் Generate மெனுவில் Tone எடுத்து, Waveform-ல் Sawtooth, 100 ஹெர்ட்ஸ், 30 வினாடி. இன்னொரு ட்ராக்கில் அதே மெனுவில் Chirp, அதுவும் Sawtooth, Frequency பெட்டிகளில் ஆரம்பம் 101, முடிவு 103. Amplitude இரண்டு பெட்டியிலும் ஒரே எண்ணைப் போடுங்கள், இல்லாவிட்டால் போகப் போகத் தேய்ந்துவிடும். இரண்டையும் சேர்த்து ஒரே மோனோ ட்ராக்காக்கி, Low-Pass Filter-ஐ 700 பக்கம் வைத்து மேலே இருக்கும் கரகரப்பை மழுக்கிவிடுங்கள்.

இதில் என்ன நடக்கிறது என்றால், 100-ம் 101-ம் ஒன்றோடொன்று உரசும்போது வினாடிக்கு ஒரு முறை சத்தம் வீங்கி அடங்கும். 30 வினாடி முடிவில் வித்தியாசம் மூன்றாகிவிடுவதால் அடியில் துடிப்பு மூன்று மடங்கு வேகமாகியிருக்கும், மேலடுக்குகளில் இன்னும் வேகம். சத்தத்தைக் கூட்டாமலே ஏதோ நெருங்கி வருகிற மாதிரி இருக்கும். தம்பூராவும் சுருதிப் பெட்டியும்கூட ட்ரோன்தான். ஆனால் அங்கே சட்ஜமமும் பஞ்சமமும் சேர்ந்து இழைந்து உட்கார்ந்திருப்பதால் மனசு அடங்குகிறது. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர், சுருதி சேராத தம்பூரா. சேர்க்கத் தெரியாதவன் முறுக்கின மாதிரி.

ட்ரோனை எவ்வளவு தாழ்த்தினாலும் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குறும்படத்துக்கு 30 ஹெர்ட்ஸில் ட்ரோன் போட்டு, ஹெட்போனில் கேட்டு நானே மெச்சிக்கொண்டேன். அரங்கத்தில் பெரிய ஸ்பீக்கரில் ஓடவிட்டபோது மேற்கூரைத் தகரம் ஒன்று ‘டர்ர்ர்’ என்று சேர்ந்து பாடியது, கதாநாயகி அழுதுகொண்டிருக்க மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. அன்றிலிருந்து 40-க்குக் கீழே எதுவாக இருந்தாலும் வெட்டிவிடுகிறேன்.

அடுத்து, ட்ரோன் தொண்ணூறு வினாடியும் ஓடக்கூடாது. விடாமல் கேட்கும் சத்தத்தை காது கொஞ்ச நேரத்தில் கணக்கில் எடுப்பதையே நிறுத்திவிடும், ஃபேன் சத்தம் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? கரண்ட் போனதும்தான் இவ்வளவு நேரம் ஃபேன் ஓடியதே தெரியும். ட்ரோனைப் போடுவதே அந்த நொடியில் பிடுங்குவதற்காகத்தான்.

உங்கள் வீடியோவை நான் அடுக்கினால் இப்படி அடுக்குவேன். முதல் 15 வினாடி அந்தப் பெண் அம்மாவிடம் போனில் பேசட்டும், நடுநடுவே மிக்ஸி ஓடட்டும். பேச்சு அவசியம், ஏனென்றால் பார்ப்பவர் குரலைக் கேட்டுத்தான் போன் வால்யூமைச் சரிசெய்கிறார், அது தெரிந்தால்தான் பின்னால் எது மெல்லிசு, எது பலம் என்பதற்கு அர்த்தம் வரும். எடிட்டரின் மீட்டரில் குரலின் உச்சி -12 டெசிபல் பக்கம், ஃபிரிட்ஜ் -40 பக்கம். 15-வது வினாடியில் போனை வைத்துவிடுகிறாள், ட்ரோன் சத்தமே இல்லாத நிலையிலிருந்து கிளம்பி 45-வது வினாடிக்குள் மெதுவாக -28 வரை வரட்டும். அவள் மறுபடி மிக்ஸியைப் போடுகிறாள், கரண்ட் போகிறது.

ஃபிரிட்ஜும் ட்ரோனும் அந்த ஒரே ஃபிரேமில் செத்துவிட வேண்டும். வெட்டும் இடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் இரண்டு மூன்று மில்லிசெகண்ட் ஃபேட் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். மிக்ஸியை மட்டும் வெட்டாதீர்கள். கரண்ட் போனாலும் பிளேடு சுற்றி ஓயக் கொஞ்ச நேரம் ஆகும், காது அந்த இறங்கும் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்க்கும்போது அடியில் ஒன்றுமே இருக்காது. முக்கியமாக ஒன்று: இருட்டில் அவள் மிக்ஸி சுவிட்சை அணைக்க மறந்துவிடுகிறாள். அதை க்ளோஸப்பில் காட்டிக் கெடுக்க வேண்டாம்.

இப்போது ‘ஸ்டக் ஆகிவிட்டதா’ விஷயம். நீங்கள் டைம்லைனில் ஆடியோவை வெட்டிக் காலியாக விட்டிருக்கிறீர்கள். அது அமைதியல்ல, ஸ்பீக்கர் அணைந்த மாதிரிதான் காது எடுத்துக்கொள்ளும். எந்த அறைக்கும் ஒரு மூச்சு உண்டு. படம் எடுத்த அதே சமையலறையில், ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அதே மைக்கில் ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். பதிவு ஆப்பில் தானாக லெவல் ஏற்றும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அறை எவ்வளவு அமைதியோ அவ்வளவு இரைச்சலை அது மேலே இழுத்துவரும். அந்த அறைச் சத்தத்தைக் காலி இடத்தில் -55 பக்கம் விரித்துவிட்டால் யாரும் போனைத் தட்டிப் பார்க்க மாட்டார்கள்.

இந்த வெறும் அறை நான்கு வினாடி போதும். அதற்கு மேல் இழுக்க வேண்டுமானால் சின்னச் சத்தங்கள் வேண்டும், அமைதியை அளந்து காட்டுவதே அவைதான். வளையல் மேடையில் உரசுகிற சத்தம், குழாயிலிருந்து ஒரு சொட்டு. எல்லாம் வாய்க்குப் பக்கத்தில் மைக் வைத்த மாதிரி கிட்டத்தில். பிறகு ஜன்னல் வழியாகச் சில்வண்டுச் சத்தம் மெல்ல உள்ளே வரட்டும். சில்வண்டை இரண்டு அடுக்காகப் போடுங்கள்: ஜன்னலோரம் ஒன்றிரண்டு, தூரத்தில் மொத்தக் கூட்டம்.

66-வது வினாடியில் ஜன்னலோரச் சில்வண்டு மட்டும் நிற்கட்டும். ஆள் பக்கத்தில் போனால் அது கப்பென்று அடங்கிவிடும் என்பது ராத்திரி தோட்டப் பக்கம் போன எல்லோருக்கும் தெரியும். தூரத்துக் கூட்டம் கத்திக்கொண்டே இருக்க வேண்டும். மொத்தமாக நிறுத்தினால் நீங்கள் நிறுத்தியதாகத் தெரியும், கிட்டே இருப்பது மட்டும் நின்றால் ஜன்னலுக்கு வெளியே யாரோ நிற்கிறார்கள். அவளும் அந்தப் பக்கம் திரும்புகிறாள், பார்ப்பவரும்.

ஒன்றரை வினாடி கழித்து கரண்ட் வருகிறது, பின்னாலிருந்து மிக்ஸி முழு வேகத்தில் அலறுகிறது.

நண்பர்கள் சிரித்ததற்குக் காரணம், அந்த ‘டம்’ கதைக்குள் எங்கிருந்தும் வரவில்லை, எடிட்டர் கையிலிருந்து வருகிறது. அதோடு, மூன்று வினாடி அமைதி என்றாலே அடுத்து டம் என்று இன்று ஸ்கூல் பையனுக்கும் தெரியும். மிக்ஸிக்குக் காரணம் ஏற்கெனவே காட்டியாகிவிட்டது, ஆனாலும் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை, கவனம் ஜன்னலில் இருக்கிறது.

இந்த இடத்தில் சத்தம் ஏறி வரக்கூடாது, ஏறியே இருக்க வேண்டும். காது துள்ளுவது சத்தத்தின் பலத்துக்காக மட்டுமல்ல, அது எவ்வளவு சட்டென்று வருகிறது என்பதற்கும்தான். ஆனால் நிஜ மிக்ஸி கிளம்ப ஒரு நொடி எடுக்கும், அதனால் பதிவில் அந்த ஏற்றத்தை வெட்டி எறிந்துவிட்டு, அது கத்திக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து ஆரம்பியுங்கள், உச்சி -2 பக்கம். கிளிப்பின் முன்னால் எடிட்டிங் ஆப் தானாக ஃபேட் போட்டிருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள், பல நல்ல பயங்கள் அங்கேதான் செத்திருக்கின்றன. விளக்கு எரிவதற்கு ஒரு ஃபிரேம் முன்னால், அதாவது 25 ஃபிரேம் வீடியோவில் 40 மில்லிசெகண்ட் முன்னால், சத்தத்தை வைப்பது என் பழக்கம்.

பிறகு இதையெல்லாம் ஒரே நொடியில் பாழாக்கக்கூடிய விஷயம்: எக்ஸ்போர்ட் செய்யும்போது ஆட்டோ லெவல், கம்ப்ரெசர் மாதிரி எதையும் தொடாதீர்கள். அது அமைதியைத் தூக்கி, மிக்ஸியை அமுக்கி, இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். அது நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, பெரிய சத்தத்துக்கு அடுத்த வினாடியைக் கேளுங்கள். அறைச் சத்தம் ‘ஹ்ஸ்ஸ்ஸ்’ என்று அலை மாதிரி மேலேறி வந்தால் அதேதான். யூடியூபில் மெல்லிசாகிவிடுமோ என்ற கவலையில்தான் பலர் இதைச் செய்கிறார்கள். யூடியூபின் வழக்கமான லெவல் சரிசெய்தல், மொத்தச் சத்தத்தை அளக்கும் LUFS கணக்கில் -14-க்கு மேல் இருக்கும் வீடியோவைத்தான் இறக்குகிறது, மெல்லிசானதை ஏற்றுவதில்லை. உங்களுடையது மெல்லிசாகவே இருக்கட்டும்.

ஒன்றரை வினாடியில் அவள் தடவிச் சுவிட்சை அணைக்கிறாள். ட்ரோனைத் திரும்பக் கொண்டுவர ஆசையாக இருக்கும், வேண்டாம். ஃபிரிட்ஜும் கிளம்ப வேண்டாம், கரண்ட் வந்தவுடனே ஓடாத ஃபிரிட்ஜ் எத்தனையோ வீட்டில் உண்டு. வெறும் அறை, அவளுடைய மூச்சு மட்டும். நான்கைந்து மூச்சு போகட்டும். பிறகு திரையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், வாய் மூடியிருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும் இன்னும் இரண்டு முறை கேட்கட்டும், அங்கேயே வீடியோவை வெட்டிவிடுங்கள்.