கொலஸ்ட்ராலுக்கு ‘ரெட் யீஸ்ட் ரைஸ்’: மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிடலாமா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது, இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் இரவு அட்டோர்வாஸ்டாடின் 20 மி.கி. சாப்பிடுகிறார். போன டெஸ்டில் எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 98. டாக்டர் 70-க்குக் கீழே வர வேண்டும் என்றார். அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ‘ரெட் யீஸ்ட் ரைஸ் 1200 மி.கி.’ என்று ஒரு டப்பா வாங்கி அனுப்பினார். “மருந்து இல்லை, அரிசிதான்” என்று அப்பாவும் மாத்திரையோடு சேர்த்தே எடுத்துக்கொள்கிறார். ஒரு மாதமாகத் தொடை வலிக்கிறது என்கிறார். வேறு நல்ல பிராண்டாகப் பார்த்து வாங்கலாமா?

பதில்: பிராண்ட் பற்றிப் பிறகு பேசுவோம். தொடை வலிதான் அவசரம். அந்த டப்பாவை இன்றோடு நிறுத்துங்கள். இன்றே டாக்டருக்கு போன் செய்து, வலி இருப்பதையும் இந்த கேப்ஸ்யூல் எடுத்ததையும் சேர்த்துச் சொல்லி, இன்று இரவு அட்டோர்வாஸ்டாடின் போடலாமா என்று கேளுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் அந்த மாத்திரையை நீங்களாகவே பல நாள் நிறுத்திவைப்பது நல்லதல்ல. ஆனால் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ, உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவே முடியாத அளவு கால் சோர்ந்தாலோ போனுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டையும் நிறுத்திவிட்டு அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். தசை நார்கள் உடைந்து அவற்றின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

டாக்டர் அநேகமாக சி.பி.கே. என்ற ரத்தப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க கிரியாட்டினினும் எழுதுவார். சி.பி.கே. என்பது தசையிலிருந்து கசியும் ஒரு நொதியின் அளவு. லேப் தாளில் உள்ள மேல் வரம்பைப் போலப் பத்து மடங்குக்கு மேல் போனால் நிலைமை தீவிரம் என்று கொள்வார்கள். முதல் நாள் அப்பா தோட்ட வேலையோ நீண்ட நடையோ செய்திருந்தால் அதனாலும் எண் ஏறும் என்பதால், அதையும் சொல்லிவிடுங்கள்.

இனி அந்த டப்பாவுக்குள் இருப்பதைப் பார்ப்போம். இது நம் ஊர் சிவப்பரிசி இல்லை. மாப்பிள்ளை சம்பாவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. வேகவைத்த வெள்ளை அரிசியில் மொனாஸ்கஸ் என்ற பூஞ்சையை வளர்த்து, சிவந்த பிறகு காயவைத்துப் பொடித்தது. சீனாவில் நெடுங்காலமாகச் சமையலுக்கு நிறமேற்றவும் மருந்தாகவும் பயன்படுத்திவருகிறார்கள். அந்தப் பூஞ்சை வளரும்போது மொனாகோலின் கே என்ற பொருளை உண்டாக்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ 1979-ல் மொனாஸ்கஸிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார். ஏறத்தாழ அதே காலத்தில் ஓர் அமெரிக்க மருந்து நிறுவனம் வேறொரு பூஞ்சையிலிருந்து அதே பொருளை எடுத்தது. அதுதான் லோவாஸ்டாடின் என்ற பெயரில் 1987-ல் அங்கே அனுமதி பெற்றது. மொனாகோலின் கே-யும் லோவாஸ்டாடினும் ஒரே மூலக்கூறு. அட்டோர்வாஸ்டாடினைப் போலவே அதுவும் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மருந்து. ஆக, உங்கள் அப்பா இரவில் ஒரு ஸ்டாடினும், ‘அரிசி’ என்ற பெயரில் இன்னொரு ஸ்டாடினும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இரண்டும் கல்லீரலில் ஒரே நொதியைத்தான் தடுக்கின்றன. உடலை விட்டு வெளியேறவும் கல்லீரலின் ஒரே வழியைத்தான் நம்பியிருக்கின்றன.

லேபிளில் இருக்கும் 1200 மி.கி. என்பது பொடியின் எடை. அதில் ஸ்டாடின் எவ்வளவு என்று தேடிப்பாருங்கள், பெரும்பாலும் கிடைக்காது. அதற்குச் சட்டத்தில் ஒரு காரணம் உண்டு. அமெரிக்காவில் முதலில் மருந்தாக அனுமதி பெற்ற ஒரு பொருளைப் பிறகு உணவுத் துணைப்பொருள் என்று விற்க முடியாது. இந்த அடிப்படையில்தான் அங்குள்ள மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., 1998-ல் ‘கொலஸ்டின்’ என்ற ரெட் யீஸ்ட் ரைஸ் கேப்ஸ்யூலை அனுமதி பெறாத மருந்து என்று அறிவித்தது. வழக்கு நடந்து, கடைசியில் 2001-ல் தீர்ப்பு அந்த அமைப்பின் பக்கமே வந்தது. அதனால் இன்று “எங்கள் கேப்ஸ்யூலில் இத்தனை மில்லிகிராம் மொனாகோலின் இருக்கிறது” என்று எழுதும் கம்பெனி தானே போய் மாட்டிக்கொள்ளும். எழுதாமல் விட்டால் வாங்குகிறவருக்குத்தான் தெரியாமல் போகிறது. இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் ஏற்புடையதல்ல. டோஸ் தெரியாத மருந்தை நோயாளி கையில் கொடுப்பதுதான் இதன் பலன்.

தெரியாத அந்த அளவு எவ்வளவு மாறும்? 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 28 பிராண்டுகளை வாங்கிச் சோதித்தார்கள். இரண்டில் மொனாகோலின் கே அறவே இல்லை. மற்றவற்றில், லேபிள் சொன்னபடி சாப்பிட்டால் ஒரு நாளைக்குச் சேர்வது 0.09 மி.கி.யிலிருந்து 10.94 மி.கி. வரை இருந்தது. 10 மி.கி. என்பது மருந்துக் கடையில் சீட்டுக்கு விற்கும் சிறிய லோவாஸ்டாடின் மாத்திரையின் அளவு. ஆக ஒரு டப்பா வெறும் அரிசிப்பொடியாக இருக்கலாம், அடுத்தது முழு மாத்திரையாக இருக்கலாம். அண்ணன் அடுத்த முறை வேறு பிராண்ட் அனுப்பினால் அப்பாவின் டோஸ் யாருக்கும் தெரியாமலே மாறிவிடும். நல்ல பிராண்ட் எது என்று சொல்ல முடியாததும் இதனால்தான். ஸ்டாடின் சாப்பிடுகிறவருக்கு, சரக்கு தரமானதாக இருந்தால் ஆபத்து கூடத்தான் செய்யும்.

ஐரோப்பிய ஒன்றியம் இதில் கறாராக இருக்கிறது. அங்கே 2022 முதல் ஒரு நாள் அளவில் மொனாகோலின் 3 மி.கி.க்குக் கீழேதான் இருக்க வேண்டும். கொலஸ்ட்ரால் மருந்து எடுப்பவர்கள் சாப்பிடக் கூடாது என்றும், 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது என்றும் லேபிளிலேயே எழுத வேண்டும்.

சிலர் ஸ்டாடின் தசைவலி தருகிறது என்று அதை விட்டுவிட்டு, ‘இயற்கை’ என்று இதற்கு மாறுகிறார்கள். அதே மூலக்கூறு என்பதால் அதே வலி திரும்ப வரலாம். போதாததற்கு, சில பொடிகளில் சிட்ரினின் என்ற பூஞ்சை நச்சும் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுப்பது. 2010-ல் 12 பொருள்களைச் சோதித்ததில் நான்கில் அது இருந்தது.

அப்பாவின் 98-க்கு வருவோம். ஸ்டாடின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது ஏறத்தாழ 6 சதவீதம்தான். மேலே இன்னொரு ஸ்டாடினை ஏற்றினால் கிடைப்பதும் அந்த அளவுக்கு அதிகம் போகாது, தசைக்கு வரும் ஆபத்து மட்டும் ஏறும். எசெடிமைப் 10 மி.கி. என்று வேறொரு மாத்திரை இருக்கிறது. அது குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது, வேலை செய்யும் இடமே வேறு. ஸ்டாடினோடு சேர்த்தால் இருப்பதிலிருந்து சுமார் 20 சதவீதம் குறையலாம், அதாவது 98 என்பது 78 வாக்கில் வரும். மீதிக்கு அட்டோர்வாஸ்டாடின் அளவைக் கூட்டலாமா என்பதை, தொடை வலி தீர்ந்து சி.பி.கே. சரியான பிறகு டாக்டர் முடிவு செய்வார்.

போகும்போது டப்பாவையே கையில் எடுத்துப்போங்கள். “வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?” என்று டாக்டர் கேட்டால் அப்பா இதைச் சொல்ல மாட்டார், அவர் கணக்கில் அது அரிசி. வலி தொடங்கிய சமயத்திலோ அதற்குப் பிறகோ தொண்டை வலி, சளி என்று வேறு யாரிடமாவது போய் கிளாரித்ரோமைசின் வாங்கினாரா என்றும் கேட்டுப் பாருங்கள். அந்த ஆன்டிபயாடிக் கல்லீரலில் இந்த இரண்டு ஸ்டாடினும் வெளியேறும் வழியை அடைத்துவிடும். ரத்தத்தில் இரண்டின் அளவும் ஏறியிருந்தால், வலிக்குக் காரணம் கண்டுபிடிக்க டாக்டருக்கு அந்த ஒரு தகவல் மிகவும் உதவும்.