பாரசீக எஸாஃபே: சொற்கள் எந்த வரிசையில் வரும்?

"ஆங்கில வரிசையிலேயே 'நண்பரின் பெரிய வீடு' என்று நினைத்து 'தூஸ்தே பொஸோர்கே கானே' என்று எழுதினேன். ஆசிரியர் அதை 'வீட்டின் பெரிய நண்பர்' என்று படித்தார். ஏன்?"

அவர் படித்தது சரிதான். ஆங்கிலத்தில் உடையவர், பெயரடை, கடைசியில்தான் பொருள். பாரசீகத்தில் இது அப்படியே தலைகீழ். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அதுதான் முதலில் வரும். நீங்கள் தூஸ்த், அதாவது நண்பர் என்று தொடங்கியதால் பேச்சு நண்பரைப் பற்றியதாகிவிட்டது.

கானேயில் (வீடு) தொடங்குங்கள். அடுத்த சொல்லோடு இணைக்க எஸாஃபே என்ற 'எ' ஒலி சேர வேண்டும்; கானே உயிரொலியில் முடிவதால் அது 'யே' என்று சேரும்: கானேயே. அடுத்து பொஸோர்க் (பெரிய). அதற்கு 'எ' சேர்த்தால் பொஸோர்கே. கடைசியில் தூஸ்த். கானேயே பொஸோர்கே தூஸ்த். பின்னால் இன்னொரு சொல் தொடர்ந்தால்தான் எஸாஃபே வரும்; அதனால் தூஸ்துக்கு எதுவும் இல்லை. 'என் நண்பர்' என்றால் தூஸ்தே மன்.

பெயரடை எந்தப் பெயரை ஒட்டி வருகிறதோ அதற்கே உரியது. 'கானேயே தூஸ்தே பொஸோர்க்' என்றால் பெரியவர் நண்பர், வீடு அல்ல.

அப்புறம், மெய்யெழுத்துக்குப் பின் வரும் இந்த 'எ' பொதுவாக எழுத்தில் இருக்காது. பொருளை வைத்து நீங்களே சேர்த்துப் படிக்க வேண்டும். தொடக்கத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டு படியுங்கள்.