தீபாவளிக்குள் முடியாது என்பதை வீட்டுக்காரரிடம் எப்படிச் சொல்வது?

"சுங்கை சிப்புட்டில் ஒரு வீட்டின் பின்புறம் சமையலறை நீட்டிக் கட்டுகிறோம். அக்டோபர் 29 என்று சொல்லியிருந்தேன், மழையால் கூரை கான்கிரீட் தள்ளிப்போனது. தீபாவளி நவம்பர் 8. வீட்டுக்கார அக்காவிடம் எப்படிச் சொல்வது?"

கான்கிரீட் தள்ளிப்போன அன்றே போனில் சொல்லுங்கள். கான்கிரீட் ஊற்றாமல் காலியாகக் கிடக்கும் பலகையை அவரே பார்த்துக் கேட்டபின் சொன்னால், உண்மையான காரணம்கூடச் சாக்காகத்தான் கேட்கும்.

முதலில் தாமதமான நாட்களைப் பிரித்துப் பாருங்கள். 5ஆம் தேதி ஊற்ற வேண்டியது 14க்குப் போனது, 9 நாள். அதில் 6 நாள் மழை, 3 நாள் கம்பியைத் தாமதமாக ஆர்டர் செய்தது என்றால், அந்த 3 நாளை உங்கள் கணக்கில் ஏற்றிச் சொல்லுங்கள். அக்டோபரில் மதியத்துக்குமேல் மழை கொட்டும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். முழுப் பழியையும் வானத்தின் மேல் போட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

அடுத்து அவர் கேட்பது, "ஆளைக் கூட்டினால் முடியாதா?" என்பதுதான். முடியாத காரணத்தைக் கண்ணெதிரே காட்டுங்கள். ஊற்றிய கூரையைத் தாங்கும் முட்டுகள் 14 நாள் நிற்க வேண்டும். அவை தரையில்தான் ஊன்றியிருக்கின்றன, அதனால் அதற்கடியில் டைல்ஸ் பதிக்க முடியாது. எத்தனை பேர் வந்தாலும் சிமெந்து தன் வேகத்தில்தான் இறுகும்.

ஆக முட்டு எடுப்பது 28ஆம் தேதி. பூச்சு, டைல்ஸ், வயரிங், கேபினட்டுக்கு 10 நாள் வைத்தால் நவம்பர் 7. தீபாவளிக்கு முதல்நாள்! நாக்கு நுனியில் வந்து நிற்கும் அந்தத் தேதியைச் சொல்லாதீர்கள். ஒரு மழை போதும், இரண்டாவது முறையும் பொய்யாகிவிடும். 4 நாள் சேர்த்து 11 என்று சொல்லுங்கள்.

போனில் பேசியபின் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் அனுப்புங்கள்:

"அக்கா, வணக்கம். போனில் சொன்னபடி வேலை நவம்பர் 11இல் முடியும். கான்கிரீட் தள்ளிப்போன 9 நாளில் 3 நாள் எங்கள் தவறு. 14ஆம் தேதி கான்கிரீட், 28இல் முட்டு எடுப்போம், இரண்டு நாளும் படம் அனுப்புவேன். பழைய சமையலறைச் சுவரைத் தீபாவளி முடியும்வரை உடைக்கமாட்டோம். அடுப்பும் குழாயும் இப்போது இருப்பதுபோலவே இருக்கும். 7ஆம் தேதி மாலை பின்வாசலைக் கூட்டிச் சுத்தம் செய்து கொடுப்போம். அடுத்த தவணை முட்டு எடுத்தபிறகு போதும்."

அவருக்கு உண்மையில் வேண்டிய உறுதி அந்தச் சுவர்தான். பலகாரம் சுட அடுப்பு இருக்குமா என்பதுதான் அவர் கவலை, நம் வேலை அட்டவணை இல்லை. "கண்டிப்பா முடிச்சிடுறேன்" என்ற சொல்லை மட்டும் எழுதாதீர்கள், அதை ஊரிலுள்ள எல்லாக் காண்ட்ராக்டரிடமும் கேட்டிருப்பார். அதே செய்தியில் பணமும் கேட்காதீர்கள்.

14ஆம் தேதியும் மழையென்றால் அன்று மாலையே மறுபடி போன் போடுங்கள், 11ஆம் தேதி நிற்குமா இல்லையா என்பதையும் சேர்த்து.